பட்டியலில் இல்லாத மாத்திரை

பெரியப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று இரவு ஒன்பதரை மணிக்கு, தம்பி வாட்ஸ்அப்பில் இரண்டு படங்களை அனுப்பிவிட்டு உடனே அழைத்தான். "அக்கா, டிஸ்சார்ஜ் சம்மரி அனுப்பியிருக்கேன். இதுல ராத்திரிக்கு எதெல்லாம் குடுக்கணும், பழைய மாத்திரையில எதை நிறுத்தணும்னு பெரியம்மா கேக்குறாங்க" என்றான். நான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட படங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் அன்றைய படம், இந்தத் தாளில் எங்கெங்கே வழுக்கி விழலாமோ அத்தனை இடங்களையும் ஒன்றாகக் கொண்டிருந்ததால், அதை எப்படிப் படித்தோம் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பெரியப்பாவுக்கு வயது 64. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நெடுநாளாக உண்டு. ஒரு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்து, மாரடைப்பு என்று உறுதியாகி, இதயக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைத்து, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது மருந்து அல்ல, தாளின் அடி ஓரத்தில் இருந்த பக்க எண்தான். 'மூன்றில் ஒன்று', 'மூன்றில் இரண்டு' என்று இருந்தது. மூன்றாவது பக்கம் வரவில்லை. கேட்டபோது, "அதுல டாக்டர் கையெழுத்து மட்டும்தான் இருக்கு" என்றான். அனுப்பச் சொன்னேன். கையெழுத்துக்கு மேலே மருந்து அட்டவணையின் கடைசி இரண்டு வரிகளும், மறுபரிசோதனைத் தேதியும், அதற்கு முன் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனையும் இருந்தன. அட்டவணை ஒரு பக்கத்தில் முடியாமல் அடுத்த பக்கத்துக்கு வழிவது இந்தத் தாள்களில் மிகச் சாதாரணம். ஆகவே மருந்துகளை எண்ணுவதற்கு முன் பக்கங்களை எண்ண வேண்டும்.

இரண்டாவது படத்தில், தாளை நான்காக மடித்த கோடு அட்டவணையின் நடுவே ஓடியது. தம்பியின் கைபேசி நிழலும் அதன் மேல் விழுந்திருந்தது. அந்தக் கோட்டின் மேல் ராமிப்ரில் என்ற மருந்தின் அளவு 25 மி.கி. என்று தெரிந்தது. ராமிப்ரில் 1.25, 2.5, 5, 10 என்ற அளவுகளில்தான் கடையில் கிடைக்கும். ஒரு நாளைக்குப் பொதுவாகப் பத்துக்கு மேல் எவரும் எழுதுவதில்லை. ஆகவே அது 2.5 ஆக இருக்க வேண்டும், புள்ளியை மடிப்பு விழுங்கியிருக்கிறது என்று ஊகித்தேன். ஆனாலும் ஊகத்தை ஊகமாகவே விட்டுவிடக் கூடாது. தாளைத் தரையில் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து அட்டவணையை மட்டும் மீண்டும் எடுத்து, படமாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இத்தகைய புள்ளிகளும் அரை என்பதைக் குறிக்கும் சிறிய பின்னமும்தான். புதிய படத்தில் புள்ளி தெரிந்தது. இவ்வளவுக்கும் பிறகு மாத்திரை அட்டையின் பின்புறத்தையும் படம் எடுக்க வைத்தேன், அதிலும் 2.5 என்றே இருந்தது. எந்த அளவாக இருந்தாலும், தாளும் அட்டையும் ஒன்றையே சொன்னால்தான் மாத்திரை வாய்க்குப் போக வேண்டும் என்பது எனது வழக்கம்.

அட்டவணையில் மொத்தம் ஒன்பது வரிகள். ஆஸ்பிரின் 75 மதியம் ஒன்று, குளோபிடோக்ரெல் 75 மதியம் ஒன்று, அட்டோர்வாஸ்டாட்டின் 40 இரவு ஒன்று, மெட்டோப்ரோலால் 25 காலை ஒன்று, ராமிப்ரில் 2.5 இரவு ஒன்று. பான்டோப்ரசோல் 40 காலை வெறும் வயிற்றில் ஒன்று. செஃபிக்ஸிம் 200 காலையும் இரவும். மூன்றாம் பக்கத்தில் கிளிமெபிரைடு 1 காலை உணவுக்கு முன் ஒன்று. கடைசியாக, நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5, அதற்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று மட்டும். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது இப்போது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். எஸ்.ஓ.எஸ். என்பதைத்தான் பெரியம்மா தினமும் ஒன்று என்று புரிந்துகொண்டிருந்தார். அது தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள்படும். இந்த மாத்திரையைப் பொறுத்தவரை, நெஞ்சுவலி வந்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்றை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ நேரும்.

இடையில் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "முதல் பக்கத்துல குளோபிடோக்ரெல் 300னு போட்டிருக்கு, இங்க 75னு இருக்கு, எது சரி?" இரண்டும் சரி. முதல் பக்கத்தில் இருப்பது மருத்துவமனையில் நடந்த சிகிச்சையின் வரலாறு. மாரடைப்போடு வந்தவருக்கு மருந்து உடனே வேலை செய்ய வேண்டும் என்பதற்காக முதல் வேளை மட்டும் பல மடங்காகக் கொடுப்பார்கள். அந்தப் பத்தியில் ஹெப்பாரின் ஊசியும் இன்சுலினும் இருந்தன. அவையெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டன. வீட்டில் தொடர வேண்டியவை 'டிஸ்சார்ஜ் அட்வைஸ்' என்ற தலைப்பின் கீழ் இருப்பவை மட்டுமே. ஆனால் அந்த வரலாற்றுப் பத்தியைத் தள்ளிவிட்டுப் போகவும் முடியாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இனி நாள் கணக்கு. அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் செஃபிக்ஸிமுக்கு நேரே '5 நாள்' என்றும், மற்றவை பெரும்பாலானவற்றுக்கு நேரே '30 நாள்' என்றும் அச்சாகியிருந்தது. ஒரே கட்டம், ஒரே எழுத்து. ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. செஃபிக்ஸிம் சிறுநீர்த் தொற்றுக்கான ஆன்டிபயாட்டிக். ஐந்து நாள் என்றால் ஐந்தே நாள், அதோடு முடிந்தது. 14ஆம் தேதி இரவு தொடங்கினால் பத்து மாத்திரையும் 19ஆம் தேதி காலையோடு தீரும். தீரவில்லை என்றால் இடையில் ஒரு வேளை விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குளோபிடோக்ரெலுக்கு எதிரே உள்ள முப்பது நாள் அப்படிப்பட்டதல்ல. அடுத்து மருத்துவரைப் பார்க்கும் வரைக்கும் தேவையான அளவு என்பதே அதன் பொருள்; மருந்தகம் எத்தனை மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கணினி கேட்கும் எண் அது. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு இந்த மருந்தையும் வழக்கமாக ஓராண்டு வரை கொடுப்பார்கள். இரத்தக் கசிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மருத்துவரே அதைக் குறைப்பார். புதிதாக வைத்த ஸ்டென்ட்டின் உலோகக் கம்பிகளை குழாயின் உட்சவ்வு வளர்ந்து போர்த்தி மூட மாதங்கள் ஆகும். அதற்குள் மருந்தை நிறுத்தினால் கம்பியின் மேல் இரத்தம் உறைந்து, திறந்த குழாயே திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். அது முதல் மாரடைப்பைவிடக் கொடியதாக இருக்கக் கூடும்.

இந்தக் கட்டம் எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும். 'அதோடு நிறுத்தவும்', 'மறுபரிசோதனை வரை', 'மருத்துவர் சொல்லும் வரை' என்று மூன்று சொற்களை வைத்திருந்தால் போதும். அதைவிட்டு எல்லாவற்றையும் ஒரே எண்ணாக அச்சிட்டுக் கொடுத்தால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? தம்பியிடம் ஒரு தாளில் மருந்துப் பெயர்களை எழுதச் சொல்லி, செஃபிக்ஸிமுக்கு எதிரே மட்டும் முடிவுத் தேதி போடச் சொன்னேன். மற்றவற்றுக்கு எதிரே 'தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே வாங்க வேண்டும்' என்று எழுதச் சொன்னேன்.

மூன்றாவது சாட்சி ஒன்றும் இருக்கிறது: மருந்துக்கடை பில். தாளில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் பெரும்பாலும் பொருந்தாது. ஒன்றில் மருந்தின் பெயரும் மற்றொன்றில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதி கொண்டுவந்தது. ஆனாலும் கடையில் கிடைப்பது கம்பெனிப் பெயரோடுதான். அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் மூலப்பெயரும் அளவும் இருக்கும். அந்த எழுத்தைத்தான் தாளோடு ஒப்பிட வேண்டும். பில்லில் இன்னொன்று கிடைக்கும், எண்ணிக்கை. முப்பது நாளுக்கு எழுதிய மற்ற மாத்திரைகள் எல்லாம் முப்பது இருக்க, மெட்டோப்ரோலால் மட்டும் பதினைந்து என்று இருந்தது. அட்டையைத் திருப்பினால் 50 மி.கி. கடையில் 25 இல்லாததால் 50-ஐக் கொடுத்து, பாதி பாதியாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் அது தம்பியின் காதில் விழவில்லை. மறுநாள் காலை பெரியம்மா முழு மாத்திரையைத்தான் கொடுத்திருப்பார். இரத்த அழுத்தம் ஏற்கெனவே 100/60-இல் இருப்பவருக்கு இரண்டு மடங்கு மெட்டோப்ரோலால் போனால் நாடித்துடிப்பு குறைந்து எழுந்து நிற்கவே முடியாமல் போகலாம். கோடு போட்ட மாத்திரை என்பதால் கோட்டோடு உடைக்கலாம்; மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரை என்பதால் பொடிக்கவோ கடிக்கவோ கூடாது. அதையும் சொன்னேன்.

இவையெல்லாம் தாளில் இருப்பவை. அதிக நேரம் பிடித்தது தாளில் இல்லாதவைதான். பெரியம்மா பழைய மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். அதைக் கவிழ்த்து, அட்டைகளைப் பின்புறம் தெரியும்படி வரிசையாக அடுக்கிப் படம் எடுக்கச் சொன்னேன். ஆறு அட்டைகள். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த சர்க்கரை மாத்திரை, காலையும் இரவும். அம்லோடிபின் 5. ஆஸ்பிரின் 75-உம் அட்டோர்வாஸ்டாட்டின் 10-உம் சேர்ந்த கேப்சூல். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல். தைராய்டுக்குத் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம். முட்டிவலிக்கு அவ்வப்போது கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக். டிஸ்சார்ஜ் தாளில் 'நிறுத்தப்பட்ட மருந்துகள்' என்ற தலைப்பே இல்லை. பெரியம்மாவின் கேள்விக்கான விடை அந்தத் தாளில் எங்கேயும் நேரடியாக இல்லை.

இங்கேதான் முதல் பக்கத்தின் வரலாற்றுப் பத்திக்குத் திரும்ப வேண்டும். நிறுத்தியதற்கான காரணங்கள் அந்தப் பத்தியில்தான் புதைந்து கிடக்கும். ஒரு வரியில், இரத்த அழுத்தம் குறைவாக இருந்ததால் அம்லோடிபின் நிறுத்தப்பட்டது என்று இருந்தது. அது தெளிவு, அதன் இடத்தில் ராமிப்ரிலும் மெட்டோப்ரோலாலும் வந்திருக்கின்றன. இன்னொரு வரியில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் 1.1-இலிருந்து 1.5 ஆக உயர்ந்ததால் மெட்ஃபார்மின் 'வித்ஹெல்டு' என்று இருந்தது. அந்தச் சொல் நிறுத்தப்பட்டது என்பதிலிருந்து வேறுபட்டது. நிறுத்தி வைக்கப்பட்டது என்று பொருள். ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைச் சற்றுச் சோர்வடையச் செய்யலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது மெட்ஃபார்மின் உடலில் தேங்கும். எனவே சில நாட்கள் விலக்கி வைத்து, கிரியாட்டினினை மீண்டும் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள். மூன்றாம் பக்கத்தில் மறுபரிசோதனைக்கு முன் எடுக்கச் சொன்ன இரத்தப் பரிசோதனை அதற்காகத்தான். இரண்டு பக்கங்களில் பாதிப் பாதியாக இருந்த அந்தச் செய்தியை இணைத்தால்தான் முழுமையாகிறது.

மெட்ஃபார்மின் நின்றதால், அது சேர்ந்திருக்கும் பழைய மாத்திரையும் முழுதாக நின்றுவிட்டது. இதை வீட்டில் எளிதில் தவறவிடுவார்கள். பழைய அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனிப் பெயர். புதிய பட்டியலில் இருப்பது தனிக் கிளிமெபிரைடு. இரண்டும் வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் கொடுத்தால், கிளிமெபிரைடு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குப் பதில் மூன்றாகும், நிறுத்தி வைத்த மெட்ஃபார்மினும் உள்ளே போகும். சர்க்கரை தாழ்ந்தால் வழக்கமாக வரும் கை நடுக்கத்தையும் படபடப்பையும் மெட்டோப்ரோலால் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் எச்சரிக்கையாக மிஞ்சும். அதே சிக்கல் ஆஸ்பிரின் கலந்த கேப்சூலிலும் இருந்தது. அதில் உள்ள இரண்டு மருந்துகளும் புதிய பட்டியலில் தனித்தனியாக, ஒன்று அதே அளவிலும் மற்றொன்று நான்கு மடங்காகவும் இருக்கின்றன. யாரும் 'நிறுத்து' என்று எழுதாவிட்டாலும் அந்தக் கேப்சூல் புதியதற்குள் கரைந்துவிட்டது. ஒமெப்ரசோலும் அப்படித்தான், அதன் இடத்தைப் பான்டோப்ரசோல் எடுத்துக்கொண்டது. கூடுதலாக, குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாற்றமடைந்த பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஒமெப்ரசோல் தடுக்கும், பான்டோப்ரசோல் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஆகவே அட்டை மீதமிருக்கிறதே என்று ஒன்றுக்கு மற்றொன்றைப் போட முடியாது.

டைக்ளோஃபெனாக் பற்றித் தாளில் ஒரு சொல்லும் இல்லை, இருக்கவும் வழியில்லை. அதை எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை, பெரியப்பாவே வாங்கிப் போட்டுக்கொண்டது. மாரடைப்பு வந்தவருக்கு அது ஆகாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம். ராமிப்ரிலோடு சேர்ந்தால் ஏற்கெனவே சோர்ந்த சிறுநீரகம் இன்னும் சோரும். முட்டிவலிக்குப் பாரசிட்டமால் போதும் என்று சொல்லி அந்த அட்டையைத் தூக்கிப் போடச் சொன்னேன்.

மிஞ்சியது தைராக்ஸின். வரலாற்றுப் பத்தியில் அதன் பெயர் இல்லை, அட்டவணையிலும் இல்லை. இதயம் பலவீனமாக இருப்பதால் வேண்டுமென்றே நிறுத்தியிருப்பார்களோ என்று முதலில் எனக்கே தோன்றியது. தைராக்ஸின் இதயத்துடிப்பைத் தூண்டும் மருந்து என்பதால் அது நம்பக்கூடிய காரணம்தான். அப்போது முதல் பக்கத்தின் தொடக்கத்தைப் படித்தேன். பழைய நோய்கள் என்ற வரியில் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்ற இரண்டு மட்டுமே இருந்தன, தைராய்டு இல்லை. இரத்தப் பரிசோதனைகளின் பட்டியலிலும் தைராய்டுக்கான டி.எஸ்.எச். இல்லை. ஆக, அவர்கள் அந்த மாத்திரையை நிறுத்தவில்லை, அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நள்ளிரவில் வார்டில் கேட்டபோது தம்பி பதற்றத்தில் இரண்டை மட்டும் சொல்லியிருக்கிறான். நோயின் பெயரே தாளில் இல்லாதபோது, அதற்கான மருந்து இல்லாததை ஒரு முடிவு என்று கொள்ள முடியாது. ஆனால் அதற்காக நானே 'கொடுங்கள்' என்று சொல்லிவிடவும் கூடாது. ஆறு நாள் விட்டுப்போன தைராக்ஸினை மாரடைப்புக்குப் பின் அதே அளவில் தொடங்கலாமா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. தைராக்ஸின் உடலில் மெதுவாகத்தான் குறையும். ஓர் இரவு காத்திருப்பதால் ஆபத்தில்லை.

காலையில் தம்பி தாளின் அடியில் இருந்த வார்டு எண்ணுக்கு அழைத்தான். "தைராய்டு மாத்திரை போடலாமா?" என்று மட்டும் கேட்டால் எதிர்முனையில் யார் எடுத்தாலும் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே கேள்வியை எழுதிக் கொடுத்திருந்தேன்: நோயாளியின் மருத்துவமனை எண், ஸ்டென்ட் வைத்த தேதி, வீட்டில் எட்டு ஆண்டுகளாகத் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம், சேர்க்கையின்போது இதைச் சொல்ல விட்டுவிட்டோம், சம்மரியில் இல்லை, தொடரலாமா, எந்த அளவில், எப்போது. டியூட்டி டாக்டர் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். அதே அளவில் தொடரலாம், மறுபரிசோதனைக்கு வரும்போது டி.எஸ்.எச். பார்த்துவிட்டு வரட்டும் என்றார். திருத்திய சம்மரி வேண்டும் என்றும் கேட்கச் சொல்லியிருந்தேன், அது கிடைக்கவில்லை. தம்பி மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் மருந்து, அளவு, சொன்னவர் யார், தேதி ஆகியவற்றை எழுதி வைத்தான்.

பிஸ்கட் டப்பாவில் இப்போது மெட்ஃபார்மின் கலந்த அட்டை மட்டும் ரப்பர் பேண்டு போட்டுத் தனியாக இருக்கிறது, 'கேட்காமல் தொடாதே' என்று பெரியம்மாவின் கையெழுத்தில். கிரியாட்டினின் மறுபரிசோதனையில் 1.2-க்கு இறங்கியது. மெட்ஃபார்மினைத் தனி மாத்திரையாகவே திரும்ப எழுதினார்கள். ஆகவே அந்த அட்டைக்கு இனி வேலை இல்லை என்று சொல்லியும் பெரியம்மாவுக்குத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

இருபத்தைந்தாம் நாள் தம்பி அழைத்தான். குளோபிடோக்ரெல் வாங்கப் போன கடையில், "முப்பது நாள்னுதானே போட்டிருக்கு, டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். மறுபரிசோதனையில் கொடுத்த சீட்டைக் காட்டச் சொன்னேன். அதன் படத்தை எனக்கும் அனுப்பினான், இம்முறை தரையில் விரித்து, மடிப்பு இல்லாமல். குளோபிடோக்ரெல் இருந்தது. அதற்கு நேரே மறுபடியும் '30 நாள்'.